பத்து ஆம்பியர்

பார்சல் வந்த அன்று அதைப் பிரித்ததே அவள்தான். அண்ணன் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் உள்ளங்கையளவு வெள்ளை பிளக் ஒன்று, கூடவே பெரிய பின்னை அதில் மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ட்டர்.

"இத கீசருக்குப் போட்டுட்டா போதும். வைஃபைல ஓடும். டைமர நான் இங்கேருந்தே செட் பண்ணிடறேன். நீ வேலைக்குக் கெளம்பினப்புறம் அதுவா ஆன் ஆகும், அதுவா ஆஃப் ஆகும். அப்பா சுவிட்சத் தேடிக் கைய நீட்ட வேண்டாம்."

நல்ல யோசனைதான். அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியற்காலையிலேயே கதவைத் திறந்துவிடுவார்கள். அவள் கிளம்பும்போது அப்பா எழுந்துகூட இருக்க மாட்டார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு, அவர் தடியூன்றி நடக்கப் பழகியதே பெரிய காரியம். பாத்ரூமுக்கு வெளியே நடையில், கதவுக்கு மேலே இருக்கிற கீசர் சுவிட்ச் அவருக்கு எட்டாது. அவள் கிளம்பும் முன்பே போட்டு அணைத்துவிட்டுப் போனால், அவர் குளிக்கும்போது தண்ணீர் ஆறிப் போயிருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் பிளக்கின் முதுகைத் திருப்பிப் பார்த்தபோது அதில் பொடி எழுத்தில் பத்து ஆம்பியர் என்று போட்டிருந்தது.

"அண்ணா, கீசர் மூவாயிரம் வாட்ஸ். அடியில ஒட்டியிருக்கு. இருநூத்தி முப்பது வோல்ட்டால வகுத்தா பதிமூணு ஆம்பியர் வருது. இது பத்துதான் தாங்கும்."

"அது சும்மா சேஃப்டிக்குக் கொறச்சுப் போட்டிருப்பான்."

"கீசர் பின்னு இதுல நொழையவே இல்லையே. எவ்வளவு தடியா இருக்கு பாரு."

"அதுக்குத்தான கன்வெர்ட்டர் அனுப்பியிருக்கேன்."

"நொழையாம இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இவளுக்கு என்ன தெரியும் என்று வாயைத் திறக்காமலேயே சொல்லிவிடும் சிரிப்பு அது. "மெயின்ல எம்சிபி இருக்குல்ல. லோடு ஜாஸ்தியானா அது விழுந்துடும். ரொம்பப் போட்டுக் கொழப்பிக்காத. நான் எத்தன ரிவ்யூ படிச்சிட்டு வாங்கினேன் தெரியுமா?"

எம்சிபி விழுந்து கரண்டை நிறுத்துமா நிறுத்தாதா என்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. மறுநாளுக்கு உடுப்பைத் தேய்க்க வேண்டும், அப்பாவின் மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட வேண்டும். ஸ்டூலைப் போட்டு ஏறி, பிளக்கைச் செருகி, அதன்மேல் கன்வெர்ட்டரைச் செருகி, அதற்குள் கீசரின் தடித்த பின்னை அழுத்தினாள். ஒன்றின் மேல் ஒன்றாக அது சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

டைமர் வேலை செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. முழுதாகச் சுட விட்டால் கீசர் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வரும், அதன் உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ கடைசி வரை திருகி வைத்திருந்தார்கள். அதனால் அண்ணன் பன்னிரண்டு நிமிஷம் மட்டும் ஓடும்படி வைத்தான். அவள் லேபிலிருந்து பழைய தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் கலக்காமலேயே உடம்புக்கு ஊற்றக்கூடிய வெதுவெதுப்பு. அப்பாவுக்கு ஒற்றைக் கையால் இரண்டு குழாய்களைத் திருப்பிப் பதம் பார்க்கிற வேலை மிச்சம். வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்தால் போதும்.

"உன் அண்ணன் அங்கேருந்து வெந்நி போட்டுக் குடுக்கறான். நீ பக்கத்துல இருந்துக்கிட்டுக் காப்பி கூடப் போட்டுத் தர மாட்டேங்கற," என்றார் அப்பா. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவள் சிரித்து வைத்தாள். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவரைத் தூக்கி உட்கார வைக்கிறவள் அவள். மலம் கழுவி விட்டவள் அவள். மாமியார் வீட்டுப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல், வந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்றவள் அவள். அவன் ஒரு விரலால் போனைத் தொட்டு வெந்நீர் போட்டுக் கொடுக்கிறான்.

அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சுவரில் இருக்கும் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் போவாள். முதல் வாரமே அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"டிவைஸ் ஆஃப்லைன்னு காட்டுது. நீ சுவர் சுவிட்ச அணைச்சியா?"

"பழக்க தோஷம்."

"அணைச்சா டைமர் எப்படி ஓடும்? அப்பா பச்சத் தண்ணியில குளிக்கறதா? அதத் தொடாத. எது வேணும்னாலும் ஆப்ல பண்ணிக்கலாம்."

ஆப் அவன் போனில் மட்டும்தான் இருந்தது. அவளுக்கும் பகிர்ந்து விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த வேலை கடைசி வரை நடக்கவில்லை. அவள் சுவர் சுவிட்சைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடையில் ஏதோ கவிச்சி வாடை. மீன் கழுவிய தண்ணீர் எங்கோ கொட்டியிருக்கிற மாதிரி. மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்தாள். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி பிளக்கின் மேல் கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவு சூடு. உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"கரண்ட் போனா கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்."

"கொஞ்சம் இல்ல. கை வைக்க முடியல. நாத்தம் வேற."

"புதுப் பிளாஸ்டிக் வாசன அப்படித்தான் இருக்கும். ஆப்ல எல்லாம் நார்மலாத்தான் காட்டுது. உனக்கு எதையும் புதுசா வெச்சாலே ஆகாது."

"அண்ணா, நான் சொல்றது உன் காதுல விழுதா இல்லையா?"

"நான் மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவன் பேசவில்லை. அவளும் அடுத்த நாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் லேபில் ஒருத்தி விடுப்பு, இவள்தான் இரண்டு பேர் வேலையையும் பார்த்தாள். ராத்திரி வந்து முகத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அன்று காலையிலேயே நடந்துவிட்டிருந்தது. பிளக்குக்குள் கரண்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் இருக்கிற சின்ன ரிலேயின் இரண்டு முனைகளும் தினமும் சூடேறிச் சூடேறி, கடைசியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பன்னிரண்டு நிமிஷம் முடிந்ததும் டைமர் அணை என்றது. பிளக்கின் விளக்கு அணைந்தது. ஆப்பில் ஆஃப் என்று வந்தது. கரண்ட் மட்டும் நிற்கவில்லை. அப்பா உடனே குளித்து முடித்துவிட்டதால் தண்ணீர் மேலும் சுட்டது அவருக்குத் தெரியவில்லை. கீசர் அன்று பகலும் ராத்திரியும் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தெர்மோஸ்டாட் அனுமதிக்கிற கடைசி அளவு வரை சுட்டு, சற்று ஆறியதும் மறுபடியும் சுட்டது.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வீங்கிய இடது காலைச் சின்னத் தொட்டிக்குள் வைத்து வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். குளிப்பதற்கு முன்னால் காலைச் சற்று ஊற வைக்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். ஆவி பறந்தது மங்கலாகத் தெரிந்தது. இன்றைக்குப் பையன் கொஞ்சம் தாராளமாகச் சுட வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பல் தேய்த்தார். இடது காலில் உணர்ச்சி இல்லை. வாயைக் கொப்பளிக்க வலது கையைக் குழாயடியில் ஏந்தியபோதுதான் சுட்டது.

அவளுக்குப் போன் வந்தபோது ஒரு குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"காலு கொஞ்சம் செவந்திருக்கும்மா. ஒண்ணும் அவசரமில்ல. வேலைய முடிச்சிட்டே வா."

கொஞ்சம் என்று அப்பா சொல்கிற தொனி அவளுக்குத் தெரியும். பக்கவாதம் வந்த அன்றும் இதே கொஞ்சம்தான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள்.

பாதத்தின் மேல்தோல் ஈரமான காகிதம் மாதிரி சுருங்கி ஒதுங்கியிருந்தது. கணுக்கால் வரை கொப்புளம். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லை என்றார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், பச்சைத் தண்ணீர்க் குழாயடியில் காலை வைத்து, மேலே தண்ணீர் ஓடவிட்டபடியே ஆட்டோவுக்குச் சொன்னாள். பாத்ரூமில் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து நிமிர்ந்து பிளக்கைப் பார்த்தாள். பிளக்கில் விளக்கு எரியவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எட்டி, சுவர் சுவிட்சை ஓங்கி அணைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இரண்டாம் நிலைத் தீக்காயம், உணர்ச்சி இல்லாத கால், ஆற நாளாகும், சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அடுக்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வராந்தாவுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஆப்ல ஆஃப்னுதான இருக்கு," என்றான் அவன். "நேத்தும் கரெக்டா ஆஃப் ஆகியிருக்கு. நீ எதாவது கைய வெச்சியா? பட்டன அழுத்தி மேனுவலா ஆன் பண்ணிட்டு மறந்திருப்ப."

உடம்பில் இருக்கிற ரத்தமெல்லாம் அவள் தலைக்கு ஏறியது. வராந்தாவில் ஆட்கள் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததால் அது இன்னும் கடுமையாக வந்தது.

"அப்பா கால் வெந்து கெடக்கு. எப்படி இருக்காருன்னு கேட்டியா? ஆப்ப பாக்கற."

"அதுக்கில்லம்மா, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான…"

"என்ன ஆச்சுன்னு தெரியணுமா? தெரிய வைக்கறேன். சாயந்தரம் கூப்பிடறேன், எடு. மீட்டிங் கீட்டிங்னு சொன்ன, அப்புறம் இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச்சு இல்ல."

சாயந்தரம் எலக்ட்ரீஷியன் வந்தார். தெருவில் எல்லாரும் அவரை பல்பு என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். மெயினை அணைத்துவிட்டு பிளக்கை இழுத்தார். கன்வெர்ட்டரும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. சேர்ந்த இடம் பழுப்பேறி இளகி ஒன்றாகியிருந்தது. சுவர் சாக்கெட்டின் ஓட்டைகளைச் சுற்றியும் கருகல். கீசர் ஒயரைத் தனியே எடுத்து வைத்தார்.

"இத யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன்," என்றாள் அவள். "இப்ப எனக்கு ஒண்ணு பண்ணிக் காட்டணும். அதுல கரண்ட் நிக்குதா இல்லையான்னு."

"செத்த பிளக்குங்க. மறுபடி சொருகச் சொல்றீங்களே."

"ஒரு நிமிஷந்தான். ஒருத்தருக்குக் காட்டணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நடையில் இருந்த வேறொரு சாக்கெட்டில் அதைச் செருகினார். கன்வெர்ட்டரில் தன்னுடைய டெஸ்ட் பல்பின் ஒயரை மாட்டினார். சின்ன பல்பு, சொற்ப கரண்ட்தான் இழுக்கும் என்பதால் பயமில்லை என்றார். அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் அண்ணனின் முகம்.

"வைஃபை புடிச்சிடுச்சா? ஆப்ல வருதா?"

"வருது. ஆஃப்ல இருக்கு."

"பல்பப் பாரு."

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஆன் பண்ணு."

அவன் அழுத்தினான். பிளக்கில் விளக்கு வந்தது. பல்பு அப்படியே எரிந்தது.

"ஆஃப் பண்ணு."

பிளக்கின் விளக்கு போனது. பல்பு அப்படியே எரிந்தது.

"இன்னொரு தடவ."

அவன் மறுபடி அழுத்தினான். அதற்கப்புறம் அவள் சொல்லாமலேயே இன்னும் இரண்டு முறை அழுத்தினான். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் போதும் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்.

"எம்சிபி விழுந்திருக்கணுமே," என்றான் அண்ணன். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"உங்க எம்சிபி இருபது சார்," என்றார் எலக்ட்ரீஷியன், போனைப் பார்க்காமலே. "கீசர் பதிமூணுதான் இழுக்குது. அது எதுக்கு விழப்போவுது? அது செவுத்துக்குள்ள இருக்கற ஒயரக் காப்பாத்தத்தான் இருக்கு. நீங்க நடுவுல சொருகறது பத்து தாங்குமா பதினாறு தாங்குமான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் எதையோ சொல்ல வந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் சொன்னேன். பார்சல் பிரிக்கறப்பவே சொன்னேன், பத்துதான் தாங்கும்னு. நாத்தம் வருதுன்னு சொன்னேன். சூடா இருக்குன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ சிரிச்ச. நீ வாங்கிப் போட்ட பொருளத் தொட்டுப் பாத்து, மோந்து பாத்து, கை சுட்டுக்கிட்டுச் சொன்னவள விட, உன் கையில இருக்கற ஆப் உனக்கு ஒசத்தி. காலையில என்ன சொன்ன? நான் ஆன் பண்ணிட்டு மறந்திருப்பேன்னு சொன்ன."

"தப்புதான்மா."

"தப்புன்னு சொன்னா கால் ஆறிடுமா? தெனம் கட்டுப் பிரிச்சு மருந்து போடணும். வந்து போடு."

அவள் போனை வைத்துவிட்டாள். எலக்ட்ரீஷியன் தன் பையைக் கட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தார். உள்ளே அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த வீட்டில் அபூர்வம்.

அண்ணன் வந்தான். அந்த வாரமே கிடைத்த விமானத்தில் வந்து இறங்கினான். பெட்டியை வைத்துவிட்டு அப்பாவின் காலைப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் பஞ்சையும் மருந்தையும் அவன் முன்னால் வைத்துவிட்டு லேபுக்குக் கிளம்பிப் போனாள்.

அவன் செய்தான், செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதல் நாள் கட்டு பிரிக்கும்போது வாசனையில் குமட்டி வாசலுக்கு ஓடினான். இரண்டாம் நாள் ஓடவில்லை. அப்பாவை ஸ்டூலில் உட்கார வைக்கும்போது பிடி தவறி இரண்டு பேரும் சேர்ந்து சுவரில் சாய்ந்தார்கள். ஒரு ராத்திரி, சட்டையெல்லாம் நனைந்து சமையலறைக்குள் வந்து நின்றவன், "தெனமும் இதெல்லாம் நீ ஒருத்தியா பண்றியா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது மனதாரத்தான். அவளுக்கு வந்த கோபமோ, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்ததை விட அதிகம். கையில் இருந்த கரண்டியை மேடையில் வைத்தாள்.

"நாலு வருஷமா தெனமும் வீடியோ காலு பேசற. அப்ப உனக்கு என்ன தெரிஞ்சுது?"

கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

கீசருக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இன்னொரு பிளக் நல்லதாக வாங்குகிறேன் என்று அவன் போனை எடுத்தான். அவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு அவளே கடைக்குப் போனாள். பதினாறு ஆம்பியர் தாங்கும் என்று பிளக்கிலேயே பொறித்திருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்கினாள். கீசரின் தடித்த பின் அதற்குள் நேராக, கன்வெர்ட்டர் இல்லாமல் இறுக்கமாக உட்கார்ந்தது. கருகின சாக்கெட்டை எடுத்துவிட்டுப் புதுசு போடச் சொன்னாள். கீசரின் மூடியைக் கழற்றி தெர்மோஸ்டாட்டை நன்றாகக் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள்.

"தண்ணி எவ்வளவு சுடணும்னு முடிவு பண்றது இதுதாங்க," என்றார் எலக்ட்ரீஷியன். "டைமர நம்பி முழுச்சூட்டுல வுட்டு வெக்கக் கூடாது. டைமரு நின்னு போச்சுன்னாலும் ஆளச் சுடாம இருக்கணும்."

ஆப்பை இந்த முறை அவளுடைய போனில் ஏற்றினாள். எத்தனை மணிக்கு ஆன், எத்தனை மணிக்கு ஆஃப் என்று போட்டாள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இடத்தில் கேட்டது. அணைந்தே இருக்க வேண்டும் என்பதைத் தொட்டாள். முதல் நாள் ஓடும்போது ஸ்டூல் போட்டு ஏறி, பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அதைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"எனக்கும் அத ஷேர் பண்றியா?" என்று கேட்டான் அண்ணன், ஊருக்குத் திரும்புவதற்கு முன்.

"இல்ல."

"பாக்க மட்டும்."

"பாத்து என்ன பண்ணப்போற? உனக்கு எதாவது பண்ணணும்னா, காலையில அப்பா குளிக்கறப்ப பக்கத்துல இருக்க ஒரு ஆள் வேணும். தெரிஞ்ச ஆளா, பொறுமையான ஆளா. தேடு. பேசு. கூட நின்னு வேலையக் கத்துக்குடுத்துட்டு அப்புறம் விமானம் ஏறு."

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அவன் தேடினான். மூன்று பேரிடம் பேசினான். இரண்டு பேரை அப்பாவே வாயால் விரட்டிவிட்டார். மூன்றாவதாக வந்தவர் முன்பு லாரி ஓட்டியவர். அவருக்கும் அப்பாவுக்கும் எந்த டிப்போவில் டீ மோசம் என்பதில் முதல் நாளே சண்டை. அவர் நிலைத்துவிட்டார். வெந்நீரைத் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா மேல் ஊற்ற வேண்டும் என்று அண்ணன் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை, சமையலறையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கால் ஆறியது. பாதத்தின் மேல் பளபளவென்று ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வந்தது. அதைத் தொட்டால் இப்போதும் அப்பாவுக்குத் தெரியாது. அண்ணன் தினமும் போன் செய்கிறான். ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, கால் எப்படி என்றுதான் முதலில் கேட்கிறான். சில நாள் அவள் நின்று பதில் சொல்கிறாள். சில நாள் அவன் பெயரைத் திரையில் பார்த்ததுமே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அந்தக் காலைப் பொழுது அப்படியே நெஞ்சுக்குள் எழுந்துவிடும். அன்றெல்லாம் போனை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அப்பாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.